ஈரி ஏரி தெளிய எத்தனை ஆண்டு?

1960-களின் கடைசியில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஈரி ஏரி செத்துவிட்டது என்று எழுதின. அப்படி எழுதக் காரணம் இருந்தது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே கிடக்கும் ஐந்து பேரேரிகளில் ஆழம் மிகக் குறைந்தது ஈரிதான். டெட்ராய்ட், கிளீவ்லாந்து, பஃபலோ போன்ற தொழில் நகரங்களின் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதில்தான் போய்ச் சேர்ந்தன. கோடை வந்தால் தண்ணீரின் மேல் பாசி பச்சையாகப் படர்ந்தது. ஏரியின் நடுப்பகுதியில் அடித்தண்ணீரில் மீன் உயிர்வாழ ஆக்சிஜன் இல்லை. 1969 ஜூனில் கிளீவ்லாந்து நகரத்தில் கயஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடித்து எரிந்தது. அந்த ஆறு ஈரியில்தான் விழுகிறது.

அந்தத் தீக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1967-இல், 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர் ஆர். எச். ரெய்னி. கட்டுரை இரண்டே பக்கம். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: இன்றோடு கழிவு விடுவதை நிறுத்திவிட்டால், பேரேரிகள் தாமாகத் தெளிய எத்தனை ஆண்டு ஆகும்? விடை காண அவர் கையாண்டது கல்லூரியில் முதல் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் கலவைத் தொட்டிக் கணக்கு. தொட்டியில் ஒரு குழாய் வழியாக உப்புத் தண்ணீர் வருகிறது, நன்றாகக் கலக்கப்படுகிறது, இன்னொரு குழாய் வழியாக வெளியேறுகிறது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எவ்வளவு உப்பு இருக்கும் என்று அதில் கேட்பார்கள். ரெய்னி தொட்டியின் இடத்தில் ஏரியை வைத்தார். அதே கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்த்தால், ஈரியைப் பற்றி அந்தப் பத்திரிகைத் தலைப்புகள் சொல்லாத சில விஷயங்கள் தெரியவரும்.

கணக்குக்கு வேண்டிய எண்கள் சிலவே. ஈரியின் கொள்ளளவு சுமார் 460 கன கிலோமீட்டர். அதிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 175 கன கிலோமீட்டர் தண்ணீர் நயாகரா வழியாக வெளியேறி ஒன்டாரியோ ஏரிக்குப் போகிறது. ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருப்பதால் ஏரியின் மட்டம் பெரிதாக மாறுவதில்லை. தண்ணீரோடு குளோரைடும் வருகிறது. சாலையில் பனி உருகத் தூவும் உப்பு, சோடா ஆலைகளின் கழிவு, வீட்டுச் சாக்கடை எல்லாவற்றிலும் இருக்கும் பொருள் இது. இதை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. குளோரைடு மட்காது, அடியில் படியாது, காற்றில் பறக்காது. உள்ளே வந்தது வெளியேற வேண்டுமானால் தண்ணீரோடு சேர்ந்துதான் போக வேண்டும்.

இனி ஒரே ஒரு கணக்கு வழக்குதான். ஏரியில் இருக்கும் குளோரைடின் அளவு ஓர் ஆண்டில் எவ்வளவு மாறும்? உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்தால் தெரிந்துவிடும். உள்ளே வருவதை ஆண்டுக்கு L டன் என்போம். வெளியே போவது எவ்வளவு? அது ஏரியில் அந்த நேரத்தில் உள்ள செறிவைப் பொறுத்தது. ஏரி நன்றாகக் கலந்திருந்தால், வெளியேறும் தண்ணீரின் செறிவும் உள்ளே இருக்கும் தண்ணீரின் செறிவும் ஒன்றே. செறிவு c, ஆண்டுக்கு வெளியேறும் தண்ணீர் r என்றால் வெளியேறும் குளோரைடு r × c. கொள்ளளவு V என்றால் ஏரியில் உள்ள மொத்தக் குளோரைடு V × c. ஆக,

```
V dc/dt = L − r c
```

முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். இடப்பக்கம் மாறும் வேகம். வலப்பக்கம் வரவும் செலவும். கலவைத் தொட்டிக் கணக்கில் அடிக்கடி நேரும் தவறு, வெளியேறும் தண்ணீரின் செறிவாக உள்ளே வரும் தண்ணீரின் செறிவைப் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் வரவும் செலவும் எப்போதும் சமமாகிவிடும். தொட்டி மாறவே மாறாது என்று விடை வரும்.

சமன்பாட்டைத் தீர்க்கும் முன்பே அதிலிருந்து ஒரு விஷயத்தைப் படித்துவிடலாம். c குறைவாக இருக்கும்போது rc, L-ஐவிடச் சிறியது. வலப்பக்கம் நேர் எண், செறிவு ஏறுகிறது. c அதிகமாக இருந்தால் வலப்பக்கம் எதிர் எண், செறிவு இறங்குகிறது. கீழேயிருந்து தொடங்கினாலும் மேலேயிருந்து தொடங்கினாலும் ஏரி ஒரே புள்ளியை நோக்கித்தான் நகர்கிறது. அந்தப் புள்ளியில் வரவும் செலவும் சமம்: L = r c. அதாவது நெடுங்காலச் செறிவு L/r.

இந்தச் சின்ன விடையில் எது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். V இல்லை. தொடக்கச் செறிவும் இல்லை. ஏரி எவ்வளவு பெரியது, இன்று எவ்வளவு அழுக்கு என்ற இரண்டு செய்திகளும் அது கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. ஆண்டுக்கு எத்தனை டன் விழுகிறது, எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. பெரிய ஏரிதானே, இவ்வளவு கழிவு அதற்கு ஒரு பொருட்டா என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. ஏரி பெரியதாக இருந்தால் கெடுவதற்குக் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவே. கெடும் அளவு குறையாது.

நாள் கணக்கைச் சொல்வது சமன்பாட்டின் முழுத் தீர்வு. நெடுங்காலச் செறிவை c∞ என்றும் இன்றைய செறிவை c₀ என்றும் எழுதினால்,

```
c(t) = c∞ + (c₀ − c∞) e^(−r t / V)
```

இதில் சுருங்கிக்கொண்டே போவது இன்றைய செறிவுக்கும் கடைசிச் செறிவுக்கும் உள்ள இடைவெளி. எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பதை r/V சொல்கிறது. ஈரிக்கு 175-ஐ 460-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.38. திருப்பிப் போட்டால் 2.6 ஆண்டு. ஏரியில் தண்ணீர் சராசரியாகத் தங்கும் காலம் இது. அதை 0.69-ஆல் பெருக்கினால் இடைவெளி பாதியாகக் குறையும் காலம் வரும்: சுமார் 1.8 ஆண்டு. 2.3-ஆல் பெருக்கினால் இடைவெளியில் தொண்ணூறு விழுக்காடு தீரும் காலம்: சுமார் 6 ஆண்டு.

எண்களைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். ஏரியில் குளோரைடு லிட்டருக்கு 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது அந்த அளவிலேயே நிற்க வேண்டுமானால் ஆண்டுக்கு 175 × 25, அதாவது ஏறக்குறைய 44 லட்சம் டன் குளோரைடு உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். ஆலைகள் சிலவற்றை மூடியதால் வரவு 28 லட்சம் டன்னாகக் குறைகிறது என்று கொள்வோம். புதிய நெடுங்காலச் செறிவு 28 லட்சத்தை 175-ஆல் வகுத்தால் வருவது: லிட்டருக்கு 16 மில்லிகிராம். இடைவெளி 9. முதல் ஆண்டு முடிவில் செறிவு 22.2. இரண்டாம் ஆண்டு முடிவில் 20.2. ஐந்தாம் ஆண்டு முடிவில் 17.3. முதல் ஆண்டில் கிட்டத்தட்ட 3 மில்லிகிராம் இறங்கிய ஏரி, ஐந்தாம் ஆண்டில் ஒரு மில்லிகிராம்கூட இறங்குவதில்லை. திட்டம் தோற்றுவிட்டது என்று யாராவது சொல்லக்கூடும். தோற்கவில்லை, இறங்க வேண்டிய தூரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. 16-க்குக் கீழே போக வேண்டுமானால் வரவை இன்னும் குறைக்க வேண்டும். எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் வேறு வழியில்லை.

இதே கணக்கைச் சுப்பீரியர் ஏரிக்குப் போட்டால் படம் முற்றிலும் மாறுகிறது. அதன் கொள்ளளவு சுமார் 12,200 கன கிலோமீட்டர். வெளியேறுவதோ ஆண்டுக்கு 65 கன கிலோமீட்டர்தான். தங்கும் காலம் 187 ஆண்டு. இடைவெளி பாதியாக 130 ஆண்டு. தொண்ணூறு விழுக்காடு தீர நானூறு ஆண்டுக்கு மேல். சுப்பீரியரில் இன்று ஒரு கழிவு விழத் தொடங்கினால் ஒரு தலைமுறைக்கு அளவுகோலில் ஒன்றுமே தெரியாது. தெரிந்து நிறுத்தியபின் அது தெளிவதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். உண்மையில் அஞ்சப்பட வேண்டிய ஏரி அதுதான். எல்லோரும் செத்துவிட்டதாகச் சொன்ன ஈரியோ, ஐந்தில் மிக விரைவாக மீளக்கூடியது.

கீழே இருக்கும் ஒன்டாரியோவின் நிலை வேறு. அதன் தண்ணீரில் பெரும்பகுதி ஈரியிலிருந்து வருகிறது. ஒன்டாரியோவின் கொள்ளளவு சுமார் 1,640, வெளியேற்றம் 209. தங்கும் காலம் 7.8 ஆண்டு. ஈரியில் வரவைக் குறைத்த அன்றே ஒன்டாரியோவில் இறக்கம் தொடங்குவதில்லை. ஈரி மெல்ல மெல்லத் தெளிந்து அந்தத் தண்ணீர் நயாகராவில் விழும்போதுதான் ஒன்டாரியோவின் L குறைகிறது. ஆகவே அதன் சமன்பாட்டில் L ஒரு நிலையான எண்ணாக இல்லாமல் காலத்தோடு சரிந்துவரும் கோடாகிறது. வரைபடத்தில் ஒன்டாரியோவின் செறிவு முதலில் தட்டையாக நின்று பிறகே சரியும். அந்த முதல் சில ஆண்டுகளை மட்டும் அளந்தால் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றும்.

r எதைக் குறிக்கிறது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏரியிலிருந்து தண்ணீர் இரண்டு வழியில் போகிறது: ஆறாக ஓடுவது ஒன்று, ஆவியாகப் போவது இன்னொன்று. ஆவி உப்பை எடுத்துப் போவதில்லை. எனவே அது r-இல் சேராது. இதைச் சேர்த்துவிட்டால் ஏரி உண்மையைவிட வேகமாகத் தெளிவதாகக் கணக்கு காட்டும். வெளியே ஓடும் ஆறே இல்லாத ஏரிகளும் உண்டு. அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியும் மேற்காசியாவின் சாக்கடலும் அப்படிப்பட்டவை. அங்கே r பூஜ்யம். L/r என்ற வகுத்தலுக்கே பொருள் இல்லை. தண்ணீரில் உப்பு ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். அது நிற்பது தண்ணீர் இனி கரைக்க முடியாமல் உப்பு படிகமாகப் பிரியும்போதுதான்.

குளோரைடு அடக்கமான பொருள். ஈரியைக் கெடுத்ததோ பாஸ்பரஸ். சலவைத் தூளிலும் சாக்கடையிலும் வயல் உரத்திலும் இருந்து வந்து பாசிக்கு உணவானது அதுதான். கனடாவில் பணியாற்றிய ஏரியியல் அறிஞர் ரிச்சர்ட் வோலன்வைடர் 1968-இல் எழுதிய அறிக்கையும் பாஸ்பரஸ் வரவையே முதல் குற்றவாளியாகக் காட்டியது. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரி நீர்த்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1978-இல் அதைத் திருத்தியபோது ஈரிக்கு ஆண்டு வரவு 11,000 டன்னைத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்தார்கள். இலக்கைக் கணித்ததில் இதே வகைச் சமன்பாடுகளுக்குப் பங்கு உண்டு.

ஆனால் மேலே கண்ட சமன்பாட்டை அப்படியே பாஸ்பரஸுக்குப் போட்டால் கணக்கு பிசகும். 11,000 டன்னை 175 கன கிலோமீட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 63 மைக்ரோகிராம் வருகிறது. 1980-களில் வரவு அந்த அளவுக்கு இறங்கியபோது ஏரியில் அளந்த செறிவு அதில் சிறு பங்குதான். ஏன்? பாஸ்பரஸுக்கு இரண்டாவது வாசல் இருக்கிறது. பாசி அதை உண்கிறது. பாசி செத்து அடியில் படிகிறது. ஏரியின் பரப்பு 25,700 சதுர கிலோமீட்டர். பாஸ்பரஸ் ஆண்டுக்குச் சராசரியாக 16 மீட்டர் வேகத்தில் கீழே இறங்குவதாகக் கொண்டால், அது ஆண்டுக்கு 411 கன கிலோமீட்டர் தண்ணீரைக் கழுவித் தருவதற்குச் சமம். சமன்பாட்டில் r இருந்த இடத்தில் இப்போது 175-உம் 411-உம் சேர்ந்து 586. நெடுங்காலச் செறிவு 11,000-ஐ 586-ஆல் வகுத்து, லிட்டருக்கு சுமார் 19 மைக்ரோகிராம். அளந்த எண்கள் இதன் பக்கத்தில்தான் இருந்தன. தங்கும் காலமும் 2.6 ஆண்டிலிருந்து பத்து மாதத்துக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. 1960-களின் கடைசியில் 25,000 டன்னுக்கு மேல் இருந்த வரவு, சாக்கடைச் சுத்திகரிப்பாலும் சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தியதாலும் 1980-களில் 11,000-ஐ ஒட்டி வந்தது. பாசி கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

இரண்டாவது வாசல் இருப்பதை அளவீடுகளிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செறிவுக்கும் கடைசிச் செறிவுக்கும் உள்ள இடைவெளியின் மடக்கையை ஆண்டுக்கு எதிராகக் குறித்தால், இந்தச் சமன்பாட்டின்படி அது நேர்கோடாக இறங்க வேண்டும், சரிவு r/V. கோடு அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் பொருள் வேறு வழியிலும் போகிறது. இறங்கிக்கொண்டிருந்த கோடு நடுவில் தட்டையாகி நின்றுவிட்டால், கணக்கில் வராத ஒரு வரவு எங்கோ இருக்கிறது. பாஸ்பரஸில் அந்த மறைவான வரவு பெரும்பாலும் ஏரியின் அடிச்சேறுதான். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றில் பிடிபட்டிருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மேலே வருகிறது. முப்பது ஆண்டு படிந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்போது, வெளி வரவை நிறுத்தியும் ஏரி நகராமல் நிற்கும்.

இந்தக் கணக்கு தாங்கி நிற்கும் பெரிய தூண், ஏரி நன்றாகக் கலந்திருக்கிறது என்ற அனுமானம். ஈரியின் மொத்தக் கணக்குக்கு அது ஓரளவு பொருந்தும்; காற்று அதை நன்றாகக் கலக்குகிறது, தங்கும் காலமோ ஆண்டுக் கணக்கில். ஆனால் ஈரி ஒரே தொட்டி அல்ல, மூன்று தொட்டி. மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் ஏழரை மீட்டருக்குள்தான். அதில் இருப்பது 25 கன கிலோமீட்டர் தண்ணீர் மட்டுமே. டெட்ராய்ட் ஆறு ஆண்டுக்கு 165 கன கிலோமீட்டருக்கும் மேல் அதில் கொட்டுகிறது. தங்கும் காலம் இரண்டு மாதத்துக்கும் குறைவு. இவ்வளவு வேகமாகத் தண்ணீர் மாறும் இடம் சுத்தமாகத்தானே இருக்க வேண்டும்?

2014 ஆகஸ்டில் அங்கேதான் அது நடந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் ஏரித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், காய்ச்சியும் குடிக்க வேண்டாம் என்று நகராட்சி அறிவித்தது. நீலப்பச்சைப் பாசி விடும் நஞ்சு குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தது. காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், நஞ்சின் செறிவு கூடும். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு மூன்று நாள் வரை குழாய்த் தண்ணீர் இல்லை.

டெட்ராய்ட் ஆற்றின் தண்ணீர் ஒப்பீட்டளவில் சுத்தமானது. டொலிடோவுக்குப் பக்கத்தில் விழும் மௌமீ ஆறு கொண்டுவரும் தண்ணீர் அதில் சிறு பங்குதான். ஆனால் அது சோளமும் சோயாவும் விளையும் பரந்த வயல்வெளியின் வடிகால். வசந்தகால மழையில் உரத்தோடு வரும் பாஸ்பரஸ் அதில் செறிந்திருக்கிறது. இரண்டு தண்ணீரும் உடனே கலப்பதில்லை. டெட்ராய்ட் ஓட்டம் வடக்கிலும் நடுவிலும் போக, மௌமீயின் தண்ணீர் தென்மேற்கு மூலையில் கரையை ஒட்டித் தேங்குகிறது. மேற்குப் பகுதி முழுவதற்கும் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண்ணுக்கும் அந்த மூலையில் உள்ள செறிவுக்கும் சம்பந்தமில்லை. குடிதண்ணீர் எடுக்கும் குழாய் இருந்தது அந்தப் பக்கம்தான். இந்தத் தவறை முன்கூட்டியே அறிய வழி எளிது: ஒரே நாளில் பல இடங்களில் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்கள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால் ஒரு தொட்டி போதும். மடங்கு மடங்காக மாறினால் ஏரியைப் பல தொட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு எழுதி, இடையே ஓடும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். காலமும் அப்படித்தான். ஆண்டுச் சராசரி வரவு பாசியைச் சொல்லாது. மேற்குப் பகுதியில் கோடைப் பாசியைத் தீர்மானிப்பது மார்ச் முதல் ஜூலை வரை வரும் வரவு.

2016-இல் இரு நாட்டு அரசுகளும் ஏற்றுக்கொண்ட புதிய இலக்கு இந்தப் பாடத்தைக் கொண்டே எழுதப்பட்டது. ஏரி முழுவதற்கும் ஒரே எண் என்பதோடு நிற்காமல், மௌமீ ஆற்றுக்கு வசந்தகாலத்துக்கென்றே தனி வரம்பும் வைத்தார்கள்: 2008-இன் அளவிலிருந்து நாற்பது விழுக்காடு குறைப்பு, அதாவது மார்ச் முதல் ஜூலை வரை மொத்தப் பாஸ்பரஸ் 860 டன், அதில் கரைந்த நிலையில் 186 டன். இலக்கு செறிவில் சொல்லப்படவில்லை, டன்னில் சொல்லப்பட்டிருக்கிறது. அதுவே சரி. சமன்பாட்டில் r-ஐயும் V-ஐயும் மழையும் நிலமும் தீர்மானிக்கின்றன. மனிதர் கையில் இருப்பது L மட்டும்தான்.